ஒரு கோப்பை வைனுக்கு ஏன் அளவு சொல்ல முடியவில்லை?

"டாக்டர், எனக்கு 29 வயது. முதல் கர்ப்பம், இப்போது ஒன்பது வாரம். கடைசி மாதவிடாய் மார்ச் 1. ஏப்ரல் 10 அன்றுதான் பரிசோதித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் மார்ச் 20 அன்று ஒரு விருந்தில் மூன்று கோப்பை வைனும், ஏப்ரல் 5 அன்று இரண்டு கோப்பையும் குடித்திருந்தேன். பிறகு தொடவில்லை. சிகரெட் நாளுக்கு எட்டு பிடித்ததை மூன்றாகக் குறைத்துவிட்டேன். கணவரும் புகைப்பவர். 'நானும் எப்போதாவது ஒரு கோப்பை குடித்தேன், என் பிள்ளைகள் இருவரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்' என்கிறார் என் அக்கா. மருத்துவரோ 'ஒரு துளியும் கூடாது' என்கிறார், காரணம் சொல்லவில்லை. எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஸ்கேனில் தெரியுமா? பயத்தில் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்."
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவை வைத்துப் பார்த்தால், கருவைக் கலைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கர்ப்பம் என்று தெரியாமல் ஓரிரு முறை குடித்துவிட்டு, தெரிந்த அன்றே நிறுத்திய பெண்கள் ஏராளம். அவர்களுடைய குழந்தைகளுக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு குறைவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். 'குறைவு' என்று சொல்கிறேனே தவிர 'இல்லவே இல்லை' என்று ஏன் சொல்லவில்லை என்பதில்தான் உங்கள் மருத்துவர் விளக்காமல் விட்ட காரணம் இருக்கிறது.

நஞ்சுக்கொடி ஒரு வடிகட்டி என்றும், தாய் உண்பதில் நல்லதை மட்டும் குழந்தைக்கு அனுப்பிக் கெட்டதை நிறுத்திவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். சில பொருள்களுக்கு அது உண்மை. இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதைத் தாண்டுவதில்லை. ஆல்கஹால் அப்படியல்ல. மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். அதனால் நஞ்சுக்கொடியில் அதை மறிக்கக்கூடியது எதுவும் இல்லை. தாய் குடித்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் குழந்தையின் ரத்தத்தில் ஆல்கஹாலின் அடர்த்தி தாயின் ரத்தத்தில் இருப்பதை நெருங்கிவிடுகிறது.

வேறுபாடு அதன்பிறகுதான் தொடங்குகிறது. 150 மில்லி கொண்ட ஒரு கோப்பை வைனில், 12 சதவீதக் கணக்குப்படி, ஏறக்குறைய 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உங்கள் கல்லீரல் மணிக்குச் சுமார் ஏழு கிராமை அகற்றும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். குழந்தையின் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் நொதி மிகமிகக் குறைவு. ஆகவே உள்ளே போன ஆல்கஹால் பெரும்பாலும் போன வழியிலேயே திரும்பி வந்து, உங்கள் கல்லீரல் மூலம்தான் வெளியேற வேண்டும். பின் மாதங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. குழந்தை பனிக்குடநீரை விழுங்கும், அதிலேயே சிறுநீர் கழிக்கும், மறுபடி அதையே விழுங்கும். உங்கள் ரத்தம் தெளிந்த பிறகும் பனிக்குடநீரில் ஆல்கஹால் சிறிது நேரம் தேங்கி நிற்கும்.

இனி உங்கள் தேதிகளுக்கு வருவோம். கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆனால் கரு உருவாவது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான். உங்கள் சுழற்சி 28 நாள் என்றால், மார்ச் 14-ஐ ஒட்டிக் கருத்தரித்திருக்க வேண்டும். மார்ச் 20 அன்று, அந்த மூன்று கோப்பை உள்ளே போனபோது, கரு என்பது கருப்பைக்குள் இன்னும் வேர்விடாமல் உருண்டுகொண்டிருந்த ஒரு சிறு செல் உருண்டை. தாயின் ரத்தத்தோடு அதற்குத் தொடர்பு ஏற்பட்டிருக்கவில்லை. இந்தக் கட்டத்தில் பலத்த அடி பட்டால் கரு தங்காமல் போகும். தங்கிவிட்டால், இழந்த செல்களை மற்ற செல்கள் ஈடுசெய்து கரு வளரும் என்பதே பொதுவான புரிதல். உங்கள் கரு தங்கிவிட்டது. அந்த நாளைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன்.

ஏப்ரல் 5 வேறு மாதிரியான நாள். கருத்தரித்து மூன்று வாரம் கடந்திருந்தது. கருவின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு எள் அளவு. அந்த எள்ளளவுக்குள்தான் இதயம் முதல் துடிப்புகளைத் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் இரு ஓரங்களும் கூடி மூடிக்கொள்ளத் தொடங்குகிறது. முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும் ஆகப்போகும் செல்கள் அந்தக் குழாயின் விளிம்பிலிருந்து பிரிந்து தங்கள் இடம் தேடி நகர்கின்றன. ஆல்கஹால் இந்தச் செல்களில் ஒரு பகுதியை மடியச் செய்யக்கூடியது. 1981-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற சோதனையில், மனிதக் கருவின் மூன்றாம் வாரத்துக்கு இணையான ஒரே நாளில் சுண்டெலிகளுக்கு ஆல்கஹால் கொடுத்தார்கள். குட்டிகளின் முகத்தில், தொடர்ந்து அதிகமாகக் குடித்த தாய்மாரின் சில குழந்தைகளிடம் காண்கிற அதே அடையாளங்கள் வந்தன: சிறிய கண் பிளவு, மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஓடும் பள்ளம் இல்லாத வழவழப்பான தோல். அந்த எலிகளுக்குக் கொடுத்தது மிகப் பெரிய அளவு. உங்கள் இரண்டு கோப்பையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. எந்த அளவில் ஆபத்து என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. எந்த நாளில் கரு எளிதில் தாக்கப்படும் என்பதைத்தான் காட்டியது. பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதா இல்லையா என்றே உறுதியாகாத வாரம் அது.

முகத்துக்கு அந்தச் சில நாள்கள்தான் முக்கியம். மூளைக்கு அப்படி முடிந்துபோகும் காலம் என்று ஒன்று கிடையாது. ஒன்பது மாதமும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. செல்கள் பிறக்கின்றன, நகர்கின்றன, ஒன்றோடொன்று இணைகின்றன. இணைப்புகள் மும்முரமாக உண்டாகும் கட்டத்தில் இருந்த எலிக்குஞ்சுகளுக்கு ஆல்கஹால் கொடுத்தபோது மூளைச் செல்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதக் குழந்தைக்கு அந்தக் கட்டம் கர்ப்பத்தின் கடைசி மாதங்களை ஒட்டி வருகிறது. 'மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனி ஒரு கோப்பை குடிக்கலாம்' என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். முகம் அழகாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். பாதிப்பு மூளையில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைகள்தான் அதிகம்.

அது எப்படியிருக்கும் என்றால், 'நோட்டை எடு, கதவைச் சாத்து, இங்கே வந்து உட்கார்' என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அவன் நோட்டை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்பான். மீதி இரண்டும் அவனுக்குத் தங்கவில்லை. நேற்று போட்ட கணக்கு இன்று புதிதாகத் தெரியும். சொன்ன பேச்சைக் கேட்காதவன், சோம்பேறி என்று பள்ளியில் பெயர் வாங்கிவிடுவான். இப்படி ஒரு பையனின் தாய் என் எதிரே உட்கார்ந்து, பிரசவமாகி ஏழு ஆண்டு கழித்து, முதல்முறையாகத் தான் குடித்ததைச் சொன்னார். அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

இப்போது 'எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை' என்ற உங்கள் கேள்வி. ஒரு மருந்துக்குப் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிக்க, ஒரு குழுவுக்கு ஓர் அளவும் இன்னொரு குழுவுக்கு வேறு அளவும் கொடுத்து ஒப்பிடுவார்கள். கர்ப்பிணிகளைப் பிரித்து 'நீங்கள் வாரம் ஒரு கோப்பை, நீங்கள் மூன்று' என்று குடிக்க வைக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது, எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆகவே தாங்களாகக் குடித்தவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தில் குடித்ததை யாரும் கூட்டிச் சொல்வதில்லை, குறைத்துத்தான் சொல்வார்கள். கோப்பையின் அளவும் வீட்டுக்கு வீடு வேறு. வாரம் ஏழு கோப்பை என்று இருவர் சொன்னால், ஒருவர் நாளுக்கு ஒன்றாகக் குடித்திருப்பார், மற்றவர் ஏழையும் சனிக்கிழமை இரவிலேயே முடித்திருப்பார். குழந்தையின் ரத்தத்தில் ஏறிய உச்சம் இரண்டிலும் ஒன்றல்ல.

அதற்குமேல், எதை அளப்பது என்பதே சிக்கல். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் கர்ப்பத்தில் இருந்த 5,628 பெண்களைப் பின்தொடர்ந்தது. தொடக்க வாரங்களில் மது குடித்ததற்கும், குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. உடனே 'ஆரம்பத்தில் குடித்தால் ஒன்றும் ஆகாது' என்று அதற்கு அர்த்தம் கற்பித்தவர்கள் உண்டு. அந்த ஆய்வு குழந்தையின் எடையைப் பார்த்தது. ஏழு வயதில் நோட்டோடு நின்றுவிடுகிற பையனைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது வசதி. பல நாடுகளில், கர்ப்பத்தில் அளவாக வைன் குடிக்கும் பெண்கள் படித்தவர்களாகவும் வசதியானவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு நல்ல உணவும் நல்ல பள்ளியும் கிடைக்கும். அதனால் சில ஆய்வுகளில், கொஞ்சம் குடித்தவர்களின் பிள்ளைகள் குடிக்காதவர்களின் பிள்ளைகளைவிட நன்றாகத் தேர்வெழுதுவதுபோலக்கூடத் தெரிந்தது. அது வைனின் வேலையல்ல.

இந்த முடிச்சை அவிழ்க்க இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு குழு எடுத்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதிகளின் மரபணு ஆளுக்கு ஆள் சற்று மாறும். யாருக்கு எந்த வகை வாய்க்கிறது என்பதைக் குடும்பத்தின் வருமானமோ படிப்போ முடிவு செய்வதில்லை. ஆகவே நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரபணுவையும், எட்டு வயதில் எடுத்த அறிவுத்திறன் சோதனையையும் ஒப்பிட்டார்கள். 2012-இல் முடிவு வந்தது. கர்ப்பத்தில் குடிக்கவே குடிக்காத தாய்மாரின் பிள்ளைகளிடம் எந்த வகை மரபணு இருந்தாலும் மதிப்பெண் மாறவில்லை. வாரத்துக்கு ஒன்று முதல் ஆறு 'யூனிட்' வரை குடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் மட்டும், குறிப்பிட்ட வகைகள் இருந்தவர்களின் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. அந்நாட்டுக் கணக்கில் ஒரு யூனிட் எட்டு கிராம். ஆறு யூனிட் என்பது நான் மேலே சொன்ன கோப்பையில் மூன்றரைதான், அதுவும் ஒரு வாரம் முழுவதற்கும். குறைந்தது சில புள்ளிகள்தான், சராசரியில்தான். தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அது தீர்மானிக்காது. ஆனால் 'அளவான குடி' என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த இடத்திலும் ஆல்கஹால் ஏதோ செய்கிறது என்பதற்கு அது வலுவான தடயம்.

உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொருவருக்கும் ஒன்றும் செய்யாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே கருப்பையில், ஒரே நாளில், ஒரே அளவு மதுவைச் சந்தித்த இரட்டையரைப் பாருங்கள். இருவேறு கருமுட்டைகளிலிருந்து வந்த இரட்டையரில் ஒரு குழந்தை மிகவும் பாதிக்கப்பட்டு, மற்றது ஓரளவு தப்பியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே தாய்க்குள்ளேயே இப்படியென்றால், அக்காவின் கணக்கு தங்கைக்கு எப்படிப் பொருந்தும்? தாயின் எடை, குடித்த வேகம், வயிற்றில் உணவு இருந்ததா, தாய் சேய் இருவரின் மரபணு, கருவின் வாரம் எல்லாம் சேர்ந்து முடிவாகிற ஒன்றுக்கு எல்லாருக்கும் பொதுவாக ஓர் எண்ணைக் கொடுக்க முடியாது. பாதுகாப்பான அளவு தெரியாது என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். ஒரு துளி பட்டால் குழந்தை கெட்டுவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. 'இந்தக் கோட்டுக்குக் கீழே ஒன்றும் ஆகாது' என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் முன்பு, முதல் மூன்று மாதம் தவிர்க்கச் சொல்லிவிட்டு, பிறகு குடிப்பதானால் வாரம் ஓரிரு முறை ஒன்றிரண்டு யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்றார்கள். 2016-இல் அதைக் கைவிட்டு, குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது என்று மாற்றினார்கள். தெரியாமல் கொஞ்சம் குடித்துவிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருக்கும் என்பதையும் அதே அறிவுரையில் எழுதினார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வைனல்ல, அந்த மூன்று சிகரெட்தான். வைன் நின்றுவிட்டது. சிகரெட் இன்றும் தொடர்கிறது.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடும். குழந்தையின் ரத்தத்தில் அது தாயின் ரத்தத்தைவிட அதிகமாகச் சேரும், வெளியேறவும் அதிக நேரம் எடுக்கும். நிகோட்டின் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. வரும் ரத்தமும் குறைவு, அந்த ரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜனும் குறைவு. புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் எடை குறைந்து பிறப்பது இதனால்தான். குறைப்பிரசவம், பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிடுவது, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடுவது ஆகியவையும் கூடுகின்றன.

எட்டை மூன்றாக்கியது எளிய காரியமல்ல. ஆனால் அது குழந்தைக்கு நீங்கள் நினைக்கும் அளவு உதவாமல் போகலாம். சிகரெட்டின் எண்ணிக்கை குறையும்போது, உடம்பு தனக்குப் பழகிய நிகோட்டினைத் தேடி ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசி வரை இழுக்க வைக்கும். எங்கள் மருத்துவமனையில் மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. எட்டிலிருந்து நான்காகக் குறைத்த ஒரு பெண் ஊதினார். முள் 14-இல் நின்றது. 4 வந்தாலே நாங்கள் விசாரிப்போம். 'பாதியாகக் குறைத்தும் இவ்வளவா' என்று முகம் வாடிப் போனார். முழுதாக நிறுத்தி, மூன்றாம் நாள் வந்து மறுபடி ஊதினார். 2. அந்த எண்ணைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்பதுதான் இதில் இருக்கும் நல்ல செய்தி.

மதுவைப் பற்றிச் சொல்ல முடியாத ஒன்றைப் புகையைப் பற்றிச் சொல்ல முடிகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பதினைந்து வாரத்துக்கு முன்பே முழுதாக நிறுத்திய பெண்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் ஏற்பட்ட விகிதம், புகைக்காத பெண்களுக்கு இருந்த விகிதத்தை ஒத்திருந்தது. அதற்குமேலும் புகைத்தவர்களுக்கு இரண்டுமே அதிகமாக இருந்தன. பதினைந்து வாரம் தாண்டி நிறுத்தினாலும் பயன் உண்டு, ஆனால் உங்களுக்கு அந்த வாய்ப்பு முழுதாக இன்னும் கையில் இருக்கிறது.

நிறுத்த முடியாமல் தவித்தால் மருத்துவரிடம் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ சூயிங்கமோ கேளுங்கள். நிகோட்டின் குழந்தைக்கு நல்லதல்ல என்றாலும், பட்டையில் கார்பன் மோனாக்சைடும் புகையின் மற்ற நஞ்சுகளும் இல்லை. பட்டையை இரவில் கழற்றிவிட வேண்டும். நிறுத்த உதவும் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உங்கள் கணவர் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் புகைக்கக் கூடாது; அவரும் நிறுத்துவதே உங்களுக்குப் பெரிய துணை, ஏனென்றால் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும்வரை உங்கள் கை அங்கே போகும். இன்னொன்றையும் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகும் குடியும் புகையும் இரண்டும் தொடர்ந்த தாய்மாரின் குழந்தைகள், பிறந்த பிறகு தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்து ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு என்று 2020-இல் ஓர் ஆய்வு கண்டது. உங்களிடம் இரண்டில் ஒன்று ஏற்கெனவே இல்லை.

இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் குடிப்பவராக இருந்தால், அவர் மட்டும் திடீரென நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரை போகலாம். அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, மருத்துவமனையில் கண்காணிப்போடு நிறுத்த வேண்டும்.

ஸ்கேனைப் பற்றி: பதினெட்டு முதல் இருபது வாரத்துக்குள் செய்யும் விரிவான ஸ்கேனில் இதயம், முதுகெலும்பு, உதட்டுப் பிளவு போன்றவை தெரியும். அதை அவசியம் செய்துகொள்ளுங்கள். ஆனால் கவனமும் நினைவும் எப்படியிருக்கும் என்று எந்த ஸ்கேனும் காட்டாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதை இனிக் குடிக்கலாம் என்ற அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டு தேதிகளையும், கோப்பைகளின் எண்ணிக்கையையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். குழந்தை பிறந்ததும் குழந்தை மருத்துவரிடமும் அதையே சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் குறிப்புக்கு வேலையே வராது. ஒருவேளை வந்தால், ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்காது.

உங்களுக்குப் பதினைந்து வாரம் நிறைவது ஜூன் 14 அன்று. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இன்று மிச்சமிருக்கும் சிகரெட்டைக் கணவரிடம் கொடுக்காதீர்கள். இருவரும் சேர்ந்து குப்பையில் போடுங்கள். நாளை மருத்துவரைப் பார்க்கும்போது, மூச்சுக் கருவி இருந்தால் இருவருமே ஊதிப் பாருங்கள்.